கண்ணகி கதையும் இரண்டு அச்சுப் புத்தகங்களும்

கேள்வி: ஐயா, அச்சு வந்தபிறகுதான் அறிவு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது, ஏட்டுச் சுவடிக்கு இருந்த பிடி விட்டுப்போச்சு எண்டு படிப்பிக்கிறாங்க. அது என்னண்டு நடந்தது? எங்கட ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்ல வழக்குரை ஏடு இன்னும் பெட்டிக்குள்ள கிடக்கு. ஆனா சடங்கில படிக்கிறது அச்சுப் புத்தகத்தப் பார்த்துத்தான். புத்தகம் இருக்கக்குள்ள அந்த ஏடு இனித் தேவையா?

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் உங்கள் ஊர்க் கோயிலிலேயே பாதி இருக்கிறது. ஆகவே உலகம் முழுவதையும் சுற்றாமல், கண்ணகி கதையை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். அந்தக் கதை தமிழில் ஏட்டில் இருந்த வடிவங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிலப்பதிகாரம். மற்றது நம்முடைய மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் வைகாசியில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை. முன்னது 1892இல் சென்னையில் உ.வே. சாமிநாதையர் பதிப்பாக வந்தது. பின்னது 1968இல் வி.சீ. கந்தையா பதிப்பித்து, காரைதீவிலிருந்து வெளிவந்தது. இந்த இரண்டு புத்தகங்களும் செய்த வேலை ஒன்றல்ல.

முதலில் ஏட்டுக்கு இருந்த பிடி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஏட்டை ஒளித்து வைத்தவர்கள் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் ஏட்டை உங்கள் கையில் தூக்கிக் கொடுத்திருந்தாலும் உங்களால் அதைப் படித்திருக்க ஏலாது. பனையோலையை அவித்து, உலர்த்தி, சங்காலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்துப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறுவார்கள். கீறலில் கரியும் இலைச்சாறும் கலந்த மையைப் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். எழுத்தாணியால் குத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும், கிழியும். அதனால் எழுதுகிறவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. செய்யுளைக்கூட அடி அடியாகப் பிரிக்காமல், ஓலை முடியும்வரை ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டு போவார்கள்.

கண்ணகி பாண்டியன் அவையில் நின்று சொல்லும் வரி எல்லாருக்கும் தெரியும்: "தேரா மன்னா செப்புவது உடையேன்." இதை ஏட்டில் எப்படிக் கீறியிருப்பார்கள் என்றால்,

தெரரமனனரசெபபுவதுடையென

இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும். இதைத் "தேரா மன்னா" என்றும் பிரிக்கலாம், "தேரர் மன்னர்" என்றும் பிரிக்கலாம். ஆராயாத மன்னனே என்று அரசனைப் பார்த்துச் சொன்ன சுடுசொல், ஒரு கால் ஒரு புள்ளி மாறினால் புத்த பிக்குகளும் அரசர்களும் ஆகிவிடுகிறது. எது சரி என்று தீர்மானிப்பது எழுத்து அல்ல. யாப்புத் தெரிந்தவர், முன்னால் என்ன நடந்தது என்று கதை தெரிந்தவர், இதை ஓர் ஆசிரியரிடம் காதால் கேட்டவர், அவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆக, ஏடு ஒரு பாதி, அதை வாசிக்கத் தெரிந்த மனிதர் மறுபாதி. பிடி என்பது அந்த இரண்டாவது பாதியில் இருந்தது. நம்முடைய கோயில்களில் ஏடு படிக்கிறவருக்கும், கூத்துக் களரியில் ஏட்டை வைத்திருக்கும் அண்ணாவியாருக்கும் இருந்த மரியாதைக்கு இதுவே காரணம். அவர் இல்லாவிட்டால் ஏடு வெறும் ஓலைக்கட்டு.

அடுத்தது படியெடுத்தல். நம்முடைய வெக்கையிலும் மாரி ஈரத்திலும் ஓலை நிரந்தரமாக நிற்காது. கறையானும் பூச்சியும் ஒரு பக்கம், ஒடிந்துபோவது ஒரு பக்கம். ஆகவே சில தலைமுறைக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் கண் ஒரு வரியைத் தாண்டும், காது ஒரு சொல்லை மாற்றும், புரியாத சொல்லுக்குப் பதில் புரிந்த சொல் ஒன்று வந்து உட்காரும். யாராவது ஒரு நல்ல புலவர் ஒரு பிரதியைச் சிரமப்பட்டுத் திருத்தினாலும், அந்தத் திருத்தம் அந்த ஒரு பிரதியோடு நின்றுவிடும். அடுத்த ஊரில் இருக்கும் பிரதிக்கு அது தெரியாது. அந்த ஏடு அழிந்தால் அவர் உழைப்பும் அழிந்துபோகும். பிழை பிரதிக்குப் பிரதி பெருகிக்கொண்டு போக, திருத்தம் சேராமல் போனது. என் பார்வையில் ஏட்டின் பெரிய பலவீனம் இதுதான். பிரதிகள் குறைவாக இருந்ததுகூட இதற்கு அடுத்த குறைதான்.

இனி அச்சுக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஓலை உள்ள ஒரு நூல். ஒருவர் நாளொன்றுக்கு 10 ஓலை எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிரதிக்கு 10 நாள். இரண்டாவது பிரதிக்கும் அதே 10 நாள், நூறாவது பிரதிக்கும் அதே 10 நாள். ஆயிரம் பிரதி வேண்டுமென்றால் ஒருவர் 27 வருடம் இருந்து எழுத வேண்டும்.

அதே நூல் அச்சில் 160 பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக் கோப்பவர் அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்க வேண்டும். நாளைக்கு 3 பக்கம் என்றால் 53 நாள் ஓடிவிடும். இதுவரை ஒரு பிரதிகூடக் கையில் இல்லை, ஏட்டில் எழுதியிருந்தால் ஐந்து பிரதி முடிந்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். ஒரு பெரிய தாளின் ஒரு புறம் 8 பக்கம், மறுபுறம் 8 பக்கம். ஆக 160 பக்கத்துக்குப் பிரதி ஒன்றுக்கு 10 தாள். ஆயிரம் பிரதிக்கு 10,000 தாள், இரண்டு புறமும் சேர்த்து 20,000 அழுத்து. கையால் இழுக்கும் இரும்பு அச்சில் இரண்டு பேர் நின்று வேலைசெய்தால் மணிக்கு 200 அழுத்தாவது போகும். அப்படியென்றால் 100 மணித்தியாலம், ஏறக்குறைய 13 நாள். முதல் பிரதிக்கு இரண்டு மாதம், மற்ற 999 பிரதிக்கும் சேர்த்து இரண்டு கிழமைக்கும் குறைவு.

இந்தக் கணக்கில் வேகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எழுத்துக் கோத்த பிறகு ஒரு பிரதி அடித்துப் பிழை பார்ப்பார்கள், அதுதான் புரூப். அதில் ஒரு பிழையைத் திருத்தினால் ஆயிரம் பிரதியும் திருத்தமாகிறது. இதனால்தான் பல ஊர் ஏடுகளைத் தேடிச் சேர்த்து, வரிக்கு வரி ஒப்புநோக்கி, மாதக்கணக்கில் உழைப்பது அர்த்தமுள்ள வேலையானது. ஒரே ஒரு ஏட்டுக்காக அந்த உழைப்பை யாரால் போட முடியும்? மறுபக்கமும் உண்டு. பிழை ஒன்று தப்பிவிட்டால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழை அதே இடத்தில் நிற்கும். பழைய புத்தகங்களின் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பிழையை யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்டுபிடித்து, "இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி" என்று கடிதம் எழுதினால், சென்னையில் இருப்பவர் அதே பக்கத்தைத் திறந்து பார்க்க முடியும். ஏட்டில் அது நடக்காது. உங்கள் ஏட்டின் 40ஆம் ஓலையும் என் ஏட்டின் 40ஆம் ஓலையும் ஒன்றல்ல.

இயந்திரம் வந்தவுடனேயே இதெல்லாம் நடந்துவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்வது போல நினைக்க வேண்டாம். தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுக்கூடம் ஓடியது. கொழும்பில் ஒல்லாந்தரும் 1730களில் அச்சு வைத்தார்கள். ஆனால் திருக்குறள் அச்சேறியது 1812இல்தான். இடைப்பட்ட 230 வருடமும் அச்சு பெரும்பாலும் மிஷனிடமும் அரசிடமும் இருந்தது, அவர்களுக்கு வேண்டியதையே அடித்தது. தமிழ்ப் புலவர்களின் வீட்டு ஏடுகளை அது தொடவே இல்லை. இந்தியாவில் 1835இல் வந்த சட்டம் உள்ளூர் ஆட்களும் தடையின்றி அச்சுக்கூடம் வைக்க வழி திறந்தது. இங்கே ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தம் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். ஏடு படிக்கத் தெரிந்த ஆளின் கைக்கு இயந்திரம் போனபோதுதான் காரியம் நடந்தது. புள்ளி வைத்தார்கள், சொல்லைப் பிரித்தார்கள், நிறுத்தக்குறி போட்டார்கள். முன்னால் ஆசிரியரின் வாயில் இருந்த மறுபாதி, இப்போது தாளிலேயே வந்து அமர்ந்தது.

சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சிட்டபோது, தம் கைக்கு வந்த ஏடுகளின் நிலையைப் பதிப்புரையில் வேதனையோடு எழுதியிருக்கிறார். எடுக்கும்போதே ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டாகப் பறக்கிறது என்கிறார். சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போனபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கொதிக்கும். அவற்றில் என்ன நூல் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் பார்த்தால், ஏட்டை அச்சுத்தான் கொன்றது என்று சொல்வது நியாயமில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோன ஏடுகள் பல இடங்களில் முன்னமே செத்துக்கொண்டிருந்தன.

இப்போது 1892க்கு வாருங்கள். சிலப்பதிகாரம் மூலமும், அரும்பதவுரையும், கிடைத்த அளவுக்கு அடியார்க்குநல்லார் உரையும் சேர்ந்து ஒரே புத்தகமாக வந்தன. அடியில் பாடவேறுபாடு இருந்தது, அதாவது எந்த இடத்தில் வேறு பிரதியில் வேறு சொல் என்ற குறிப்பு. பின்னால் சொல் அகராதி. 1920இல் அடுத்த பதிப்பும் வந்தது. அதே 1892இல்தான் காரைதீவில் மயில்வாகனம் என்ற குழந்தை பிறந்தது, பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர். அவர் எடுத்துக்கொண்டது சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணத்தைச் சொல்லும் சில அடிகளும் அவற்றின் உரையும். அதிலிருந்து பழந்தமிழரின் யாழும் பண்ணும் சுருதியும் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கண்டுபிடித்து, யாழ் நூலாக 1947இல் வெளியிட்டார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை அச்சிட்டது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த உரை ஏட்டில் மட்டும் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இசை தெரிந்தவர் ஒரு பக்கம், கணிதமும் விஞ்ஞானமும் தெரிந்தவர் ஒரு பக்கம், உரையேடு வைத்திருந்தவர் மற்றொரு பக்கம் இருந்திருப்பார்கள். மூன்றும் ஒருவரிடம் சேர, ஏட்டுக்காரரின் வாசலில் வந்து வருடக்கணக்கில் காத்திருந்திருக்க வேண்டும். புத்தகமாக வந்ததால், ஏட்டை வைத்திருந்தவர் யார் என்றே தெரியாத ஒருவர், ஏட்டுக்காரர் கேட்க நினைத்தே இராத கேள்வியை அந்த வரிகளிடம் கேட்டார். அறிவு பரவியது என்று சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். படித்தவர் தொகை கூடியது மட்டுமல்ல, வேறு வகையான ஆட்கள் படித்தார்கள்.

வழக்குரையின் கதை இப்படி அல்ல. அது படிப்பறையில் இருந்த நூல் இல்லை. கோயிலில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்ச்சி பாடி முடியும்வரை சடங்கோடு சேர்ந்து ஓடும் நூல். ஊருக்கு ஓர் ஏடு, ஏட்டுக்கு ஒரு படிப்பு முறை. கேட்கிற சனத்துக்கு வரி மனப்பாடம். படிப்பவர் தவறவிட்டால் கூட்டத்தில் இருக்கும் ஒரு கிழவி திருத்திவிடுவா. அதனால் ஏடு பழுதானாலும் காதில் நூல் உயிரோடு இருந்தது. சிலப்பதிகாரம் அச்சேறி முக்கால் நூற்றாண்டு கழிந்தும் இங்கே ஏடு ஆட்சி செய்ததற்குக் காரணம் இதுதான். பின்தங்கிய பகுதி, அச்சுக்கூடம் வர நேரமெடுத்தது என்று சிலர் சொல்வதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். இங்கே ஏட்டுக்கு வேலை இருந்தது, அந்த வேலையை அது செய்துகொண்டிருந்தது.

1968 பதிப்பு வந்தபோது நன்மை பெரிது. கண்ணகி சடங்கைக் கண்டிராத ஊர்க்காரரும் பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் வழக்குரையைப் படித்தார்கள். யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும், வன்னியில் சிலம்பு கூறல் என்றும் இருந்தவற்றோடு ஒப்பிட முடிந்தது. ஏடு வாசிக்கத் தெரியாத இளையவரும் சடங்கில் உட்கார்ந்து படிக்கலாம் என்றானது.

கூடவே இரண்டு விளைவும் வந்தன. முதலாவது, அச்சில் வந்த பாடம்தான் சரியான பாடம் என்ற எண்ணம். பதிப்பாசிரியர் தம் கைக்குக் கிடைத்த ஏடுகளை வைத்து ஒரு பாடத்தைத் தேர்ந்து அச்சிடுகிறார். அவர் பார்க்காத ஏட்டில் வேறு சொல், சில இடத்தில் கூடுதலாக ஒரு பாட்டுக்கூட இருக்கலாம். புத்தகம் கைக்கு வந்தபின் ஊரார் தங்கள் ஏட்டை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினால், அந்த ஊரின் பாடம் ஒரு தலைமுறையில் காதிலிருந்தும் போய்விடும். ஏட்டுக் காலத்தில் இந்த ஆபத்து இல்லை.

இரண்டாவது, ஒரு புத்தகம் இன்னொன்றுக்கு நீதிபதியாவது. வழக்குரையில் மாங்கனியிலிருந்து கண்ணகி பிறக்கிறாள். சிலம்புக்குப் பரலாக நாகமணி தேடி மீகாமன் கப்பலோட்டி வருகிறான், வெடியரசனோடு போர் நடக்கிறது. இவை ஒன்றும் இளங்கோவின் நூலில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் படித்தவர்கள் இவற்றை "மூலத்தில் இல்லாத கட்டுக்கதை" என்று தள்ளுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், எனக்கு அது பெரிய வருத்தம். வழக்குரை சிலப்பதிகாரத்தின் பிழையான பிரதி அல்ல. நம்முடைய கடலையும் தீவுகளையும் உள்ளே வைத்துக்கொண்டு தனியே வளர்ந்த நூல். முன்னது எழுபது எண்பது வருடம் முந்தி அச்சேறிவிட்டது என்பதால் பின்னதின் நியாயம் குறைந்துவிடாது.

ஆனாலும் அச்சுக்கு எதிராக நான் வாதாடவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின என்பார்கள். அதிலே அச்சு நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு எங்கோ ஒரு பிரதி இருந்தது. ஏடுகளுக்கு இல்லை. யாழ்ப்பாண வைபவமாலை 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறியிருந்தபடியால் அந்த நூல் நமக்கு மிஞ்சியது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை காரைதீவுக்குள் புகுந்தது. அன்று வழக்குரை ஒரு பெட்டிக்குள் மட்டும் இருக்கவில்லை, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அலுமாரிகளில் இருந்தது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஏடு தேவை, தம்பி. உங்கள் ஊர் ஏடு 1968 பதிப்புக்குப் பயன்பட்ட ஏடுகளில் ஒன்றா இல்லையா என்பதை முதலில் பதிப்பின் முன்னுரையைப் பார்த்துத் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெட்டிக்குள் இருப்பது இதுவரை அச்சேறாத ஒரு பாடம். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரிடமும் பூசை செய்யும் கட்டாடியாரிடமும் அனுமதி கேட்டு, சடங்கு முடிந்த பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் எடுங்கள். ஓலை ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், இழுத்தால் மேல்தோலோடு எழுத்தும் வந்துவிடும். கழன்று வரும் ஓலைகளை மட்டும், பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து, இரண்டு புறமும், ஓலை எண் தெரியும்படி படம் எடுங்கள். வெளிச்சம் நேரே விழாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால், மை போன கீறலும் தெரியும். மஞ்சள், எண்ணெய் என்று எதையும் நீங்களாகப் பூச வேண்டாம்.

படம் எடுத்த பிறகு புத்தகத்தின் ஒரு பிரதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் சொல்லச் சொல்ல, எங்கே மாறுகிறதோ அந்த வரியின் ஓரத்தில் உங்கள் ஏட்டின் சொல்லை அப்படியே, புள்ளிகூட வைக்காமல், ஓலை எண்ணோடு எழுதுங்கள். சரியா பிழையா என்று அந்த இடத்தில் தீர்மானிக்க வேண்டாம். ஒரு வரி முழுவதும் இல்லாமல் இருந்தால் அதையும் குறியுங்கள். படங்களின் ஒரு படியை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம நூலகம் ஒன்றுக்குக் கொடுங்கள், ஒரு படி கோயிலில் இருக்கட்டும். உங்கள் ஊரில் ஏடு பார்த்துப் படித்த மூத்தவர் யாராவது இன்னும் இருந்தால், இந்த வேலையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் அவரைப் படிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். எந்தச் சொல்லை எங்கே பிரிக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.